ஓட்டையை எங்கே போடுவது? வீட்டு டிபனுக்கு ஒரு கதவு அட்டை

கோவை சரவணம்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா இரண்டு வருடமாக ராத்திரி டிபன் செய்து கொடுக்கிறார். ஐடி கம்பெனியிலிருந்து எட்டு மணிக்கு வீடு திரும்பி அடுப்பைப் பார்க்கவே சலிப்பவர்கள்தான் வாடிக்கை. ஒரு நாளைக்கு 40 தட்டு வரை அவரால் செய்ய முடியும், இப்போது போவது 22. மிச்சம் இருக்கும் 18 தட்டுக்கு ஆள் பிடிக்க, பக்கத்து அடுக்குமாடிகளில் கதவுக் கைப்பிடியில் மாட்டும் அட்டை போடலாம் என்று முடிவானது. அச்சகத்தில் இதற்கு டோர் ஹேங்கர் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் சொன்னால் புரியாது. நான் டிசைன் வேலை செய்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த வேலையில் எல்லோரும் படத்திலிருந்தும் வண்ணத்திலிருந்தும் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது ஓட்டையிலிருந்து. அது எங்கே, என்ன வடிவில் வருகிறது என்பதை வைத்துத்தான் எழுத்துக்கு எவ்வளவு இடம், அட்டை எவ்வளவு கனம், பின்பக்கம் எப்படி அமையும் என்பதெல்லாம் தீர்மானமாகும். ஓட்டையைத் தீர்மானிப்பதோ அந்தக் கட்டடத்துக் கதவுகள். அதனால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு மாலை அக்காவும் நானும் அட்டை மாட்டப்போகும் முதல் பிளாக்கில் மாடி மாடியாக ஏறிக் கதவுகளைப் பார்த்தோம். மொத்தம் 64 வீடு. அவற்றில் 41 வீட்டில் மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கேட். 17 வீட்டில் நீட்டுக் கைப்பிடி மட்டும். மீதி ஆறில் உருண்டைக் குமிழ்.

“பாதிக்கு மேல கம்பிக் கதவுதானுங்களே தம்பி, அட்டைய எதுல மாட்டறது?” என்று அக்கா கேட்டார். அது சரியான கேள்வி. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பெரும்பாலும் குமிழ் கைப்பிடியை மனதில் வைத்து வரைந்தவை. நம் ஊர் கிரில் கேட்டில் மாட்ட இருப்பது தாழ்ப்பாள் கம்பியும் குறுக்குப் பட்டையும்தான். இரண்டுக்கும் இரண்டு முனையும் அடைபட்டிருக்கும்.

ஓட்டைக்கு மூன்று வழி இருந்தது. முதலாவது, மேலே நடுவில் முழு வட்டம், வேறு வெட்டு எதுவும் கிடையாது. பார்க்க அழகு, கிழியாது, நீட்டுக் கைப்பிடியின் நுனி வழியாக நழுவி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கிரில் கம்பியில் இதை மாட்டவே முடியாது, இரண்டு முனையும் மூடிய கம்பிக்குள் முழு வளையம் எப்படிப் போகும்? குமிழ் கைப்பிடியிலும் சிக்கல்தான். குமிழ் சுமார் 5 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம் இருக்கும். அது நுழைகிற அளவுக்கு வட்டம் வெட்டினால் 9 சென்டிமீட்டர் அகல அட்டையில் இரண்டு பக்கமும் மெல்லிய நாடாதான் மிஞ்சும்.

இரண்டாவது, வட்டத்திலிருந்து பக்கவாட்டு ஓரம் வரை ஒரு வெட்டு. அட்டையை லேசாக முறுக்கினால் வாய் திறக்கும், கம்பியைக் கவ்விக்கொள்ளும். குமிழுக்கும் சரி, கிரிலுக்கும் சரி. இதில் கவனிக்க வேண்டியது வெட்டு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. மாட்டிய பிறகு அட்டையின் எடை முழுவதும் வட்டத்தின் உச்சியில் தாங்கி நிற்கும். வெட்டு அந்த உச்சியிலிருந்து மேலோ சாய்ந்தோ போனால், மாடி வராந்தாவில் காற்றடிக்கும்போது கம்பி நேராக வெட்டுக்குள் வழுக்கி அட்டை கீழே விழும். வெட்டைக் கடிகாரத்தின் நாலு மணித் திசையில், கீழ்நோக்கிச் சாய்த்து ஓட விட வேண்டும். அப்போது அட்டை தானாகக் கழல வேண்டுமென்றால் முதலில் மேலே எழும்ப வேண்டும். காற்று ஆட்டுமே தவிர, அவ்வளவு சுலபமாகத் தூக்கிவிடாது.

மூன்றாவது, டை என்ற அச்சு வைத்து வடிவமாக வெட்டும் வேலையே வேண்டாம் என்பது. சாதாரண நீள அட்டை, மேலே ஆபீஸ் பஞ்சால் ஒரு சின்ன ஓட்டை, அதில் நூலோ ரப்பர் பேண்டோ. டிசைனர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூல் எந்தக் கதவிலும் தொங்கும். கிரில், தாழ்ப்பாள், குமிழ், பால் பை மாட்டும் கொக்கி, எதுவானாலும் சரி. 100 அட்டை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். எங்களுக்கு டை செய்ய 1,200 ரூபாயும், அதை வைத்து அட்டைகளை வெட்டும் பஞ்சிங் கூலியாக 400 ரூபாயும் சொன்னார்கள். டை என்பது பிளைவுட் பலகையில் வளைத்துப் பதித்த எஃகு பிளேடு. ஒரு அட்டை வெட்டினாலும் ஆயிரம் வெட்டினாலும் அதைச் செய்கிற செலவு ஒன்றுதான். 100 அட்டைக்கு அந்த 1,600 ரூபாயைப் பிரித்தால் ஒன்றுக்கு 16 ரூபாய், அது அபத்தம். 500 அட்டைக்குப் பிரித்தால் 3 ரூபாய் 20 காசு. மறுபக்கம், 500 அட்டைக்கு நூல் கட்ட ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாவு ஆட்டி, சட்னி அரைத்து, டெலிவரிக்குக் கட்டும் வீட்டில் அந்த நாலு மணி நேரத்தை யார் கொடுப்பது? நாங்கள் 500 போடுவதென்று முடிவெடுத்ததால் பக்க வெட்டு உள்ள டை. முடிந்ததும் டையைக் கையோடு வாங்கி வந்துவிட்டேன். அடுத்த முறை அதே அளவில் போட்டால் அந்தச் செலவு மிச்சம்.

அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுத்தது 3.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். 12க்கு 18 அங்குல டிஜிட்டல் ஷீட்டில் இது குறுக்கே மூன்று, நெடுக்கே இரண்டு என ஆறு வரும், சுற்றிலும் வெட்டுக்கு வேண்டிய மிச்சமும் கிடைக்கும். அழகுக்காக 4க்கு 9 என்று அரை அங்குலம் கூட்டினால் அதே ஷீட்டில் நாலுதான். 500 அட்டைக்கு 84 ஷீட் போதும் என்பது 125 ஷீட்டாக ஏறும். எங்களுக்கு இரண்டு பக்க அச்சு ஒரு ஷீட் 30 ரூபாய். அந்த அரை அங்குலத்தின் விலை 1,230 ரூபாய்.

சரி, வட்டம் எங்கே? அகலம் 89 மில்லிமீட்டர். வட்டத்துக்கு 38 மில்லிமீட்டர் விட்டம் கொடுத்து நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 25 மிஞ்சும். மேல் ஓரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே 12 விட்டேன். அதற்குக் குறைந்தால் எடையைத் தாங்கும் இடமே பிய்யும். கீழே, வட்டம் முடிந்து இன்னும் 6 மில்லிமீட்டர் வரை எழுத்து வரக் கூடாது. பஞ்சிங்கில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும், முன்பின் அச்சும் இம்மி பிசகாமல் பொருந்தாது. ஆக, மேலிருந்து 56 மில்லிமீட்டர் போயிற்று, அதுவும் இரண்டு பக்கமும். 216 மில்லிமீட்டர் அட்டையில் கால் பாகம் ஓட்டைக்குக் காணிக்கை.

இதைப் பார்த்ததும் என் கூட்டாளி ஒருவர், வட்டத்தை இடது பக்கம் தள்ளினால் வலப்பக்கம் பெயர் எழுத இடம் கிடைக்குமே என்றார். ஸ்கிரீனில் நன்றாகத்தான் இருந்தது. காலண்டர் அட்டையில் ஒன்றை வெட்டி என் வீட்டுக் கதவில் மாட்டினேன். வட்டம் நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர்தான் விலகியிருந்தது. அதற்கே அட்டை சாய்ந்து, அதன் அடிமுனை 3 சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றது. தொங்கும் பொருளின் எடை மையம் தாங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும், அதை மீற முடியாது. சாய்ந்த அட்டையில் எழுத்தும் சாய்ந்துதான் தெரியும். நடுவில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டையைத் திருப்பினால் இடது வலதாகும். வட்டம் ஒரு பக்கமாக இருந்தால் பின்பக்க டிசைனில் அதைக் கண்ணாடி பிம்பமாக மாற்றி வைக்க வேண்டும், மறந்தால் எழுத்தில் ஓட்டை விழும். நடுவில் இருந்தால் அந்தப் பயமே இல்லை. பக்க வெட்டு மட்டும் முன்னால் வலது, பின்னால் இடது. அங்கே எழுத்து எதுவும் இல்லாததால் பாதகமில்லை.

இடது வலதைவிட மோசமானது தலைகீழ். வேறொருவருக்காக முன்பு நான் செய்த வேலையில் இது நடந்தது. ஷீட்டை எந்த ஓரத்தில் திருப்பிப் பின்பக்கம் அடிப்பது என்பதில் அச்சகத்தில் குழம்பிவிட்டார்கள். பின்பக்கத்தின் கால் முன்பக்கத்தின் தலையோடு போய்ச் சேர்ந்தது. நான் போன் நம்பரை அடியில் வைத்திருந்தேன். பஞ்சிங் முடிந்து வந்த கட்டைப் பிரித்தால் பத்து இலக்கத்தில் நடு ஆறு காணோம், அந்த இடத்தில் அழகான வட்டம். தப்பில் எனக்கும் பங்கு உண்டு, மாதிரி ஷீட்டை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லியிருந்தேன். இப்போதெல்லாம் முதல் ஷீட் வந்தவுடன் வட்டத்தின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்துவேன். பின்பக்கம் திருப்பினால் ஊசி முனை வெற்று இடத்தில், எழுத்துக்கு மேலே எட்டிப்பார்க்க வேண்டும். எழுத்தில் வந்தால் மீதி 83 ஷீட்டை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, இரண்டு பக்கத்தில் எதை எங்கே வைப்பது. அக்காவின் மகள் சொன்னது முன்னால் தமிழ், பின்னால் ஆங்கிலம். சரவணம்பட்டியில் மலையாளிகள், வடநாட்டுப் பிள்ளைகள் நிறைய, அதனால் யோசனை நியாயமானதே. ஆனால் ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் மெனுவுக்கு இடம் போய்விடும். யார் வீட்டில் எந்தப் பக்கம் வெளியே தெரிய மாட்டுவது என்பதும் ஒரு தலைவலி. இரண்டு பக்கமும் ஒரே டிசைன் என்பது இன்னொரு வழி. கிரிலில் தொங்கும் அட்டை காற்றில் சுழலும், எப்படித் திரும்பினாலும் சலுகை தெரியும் என்பது அதன் பலம். பலவீனம், படித்தவுடன் குப்பைக்குப் போகும்.

நான் நின்றது மூன்றாவதில். முன்னால் சலுகை, பின்னால் வார மெனு. காரணம் மறுபடியும் அந்த ஓட்டைதான். கதவிலிருந்து கழற்றிய அட்டையைச் சமையலறையில் காலண்டர் ஆணியிலேயே மாட்டிவிடலாம், அதற்கென்றே வெட்டியது போல இருக்கும். ஆனால் சலுகையை யாரும் ஆணியில் மாட்டி வைக்க மாட்டார்கள். இன்றைக்கு என்ன டிபன் என்று பார்க்க ஏதாவது இருந்தால் மாட்டுவார்கள். மெனு ஆறு வரிதான். திங்கள் இட்லி, கொத்தமல்லிச் சட்னி. செவ்வாய் சப்பாத்தி, குருமா. புதன் அரிசிம்பருப்பு சாதம், அப்பளம். வியாழன் கம்பு அடை, அவியல். வெள்ளி சந்தகை, தேங்காய்ப்பால். சனி பணியாரம், காரச் சட்னி. தோசை வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார், டப்பாவில் அரை மணி நேரம் இருந்தால் அது ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தை முழுவதும் விடவில்லை. முன்பக்கம் சலுகைக்குக் கீழே ஒரே ஒரு சின்ன வரி கொடுத்தோம்.

சுழலும் அட்டைக்காக ஒன்று மட்டும் செய்தேன். கடைப் பெயரும் வாட்ஸ்அப் நம்பரும் இரண்டு பக்கமும் உண்டு, இரண்டிலும் வட்டத்துக்கு நேர் கீழே. அடியில் வைப்பதில்லை என்று அந்தப் பழைய வேலையிலேயே சத்தியம் செய்துகொண்டேன். பின்பக்கக் கடைசி வரியில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். வீட்டில் சமைத்து விற்பவருக்கும் அந்தப் பதிவு வேண்டும். எண்ணைப் பார்த்ததும் அசோசியேஷன் செயலாளர் முகம் சற்றே இளகியது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் வாட்ச்மேனைத் தாண்டி ஒரு அட்டைகூட உள்ளே போயிருக்காது.

லேமினேஷன் போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் போட்டால் அட்டை சுருண்டுகொள்ளும், இரண்டு பக்கமும் போட்டால் செலவு. மேலும் அதன் மேல் பேனா எழுதாது, எங்களுக்கோ எழுத வேண்டியிருந்தது. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, அவ்வளவுதான். அதைவிடக் கனமாகப் போனால் வாயைத் திறக்க முறுக்கும்போது வெட்டின் முனையில் மடிப்பு விழுகிறது.

கடைசியாகச் சலுகை. அக்காவின் விலை ஒரு தட்டு 70 ரூபாய். சாமான், டப்பா, கொண்டு போகும் பெட்ரோல் எல்லாம் சேர்த்து 45 அடக்கம். அவர் மனதில் இருந்தது “முதல் டிபன் இலவசம்”. ஒவ்வொரு ஆளுக்கும் 45 ரூபாய் கையிலிருந்து போகும் என்பது ஒரு பக்கம். இலவசம் என்றால் வேண்டாதவரும் கேட்பார் என்பதுதான் பெரிய கவலை. ஒரே மாடியில் பத்துப் பேர் ஒரே ராத்திரி கேட்டால் வழக்கமானவர்களுக்கு டிபன் தாமதமாகும். அப்புறம், ஒரு நாள் டிபனை வைத்து யாரும் பழக்கத்துக்கு வருவதில்லை. அன்றைக்குச் சட்னி கொஞ்சம் காரமாகிவிட்டால் கதை முடிந்தது.

பத்து சதவீதத் தள்ளுபடி இன்னொன்று. 70 ரூபாய் 63 ஆகும். ஏழு ரூபாய் மிச்சத்துக்காக யாரும் போனை எடுப்பதில்லை, அதற்குமேல் சதவீதம் என்று போட்டாலே படிப்பவர் கணக்குப் போட வேண்டும். பத்து டிபனுக்கு ஒன்று இலவசம் என்பது ஏற்கெனவே வாங்குபவரைத் தக்கவைக்கிற வழி. கதவில் தொங்கும் அட்டையைப் பார்க்கிறவர் இன்னும் ஒன்றுகூடச் சாப்பிடாதவர்.

நான் சொன்னது “3 ராத்திரி டிபன் 150 ரூபாய்”. வழக்கமான விலை 210. அடக்கம் 135, எனவே ஆளுக்கு 15 ரூபாய் கையில் நிற்கும், நட்டமில்லை. பணம் கொடுத்து வருகிறவர் என்பதால் சும்மா கேட்பவர்கள் கழிந்துவிடுவார்கள். மூன்று நாளில் இட்லி, சப்பாத்தி, அரிசிம்பருப்பு சாதம் என்று மூன்று விதம் வாய்க்குப் போய்விடும். நான்காம் நாள் எட்டு மணிக்குக் கதவு மணி அடிக்காவிட்டால் அவர்களுக்கே ஏதோ குறைந்தது போலிருக்கும்.

அட்டையில் அந்த வரிதான் பெரிது. பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டே படிக்கும் ஆளுக்கு 150 என்ற எண் கண்ணில் பட வேண்டும். கீழே “______ மாலை 6 மணிக்குள் வாட்ஸ்அப் செய்யுங்கள்”. தேதியை அச்சடிக்காமல் கோடு விட்டதற்குக் காரணம் அந்த 18 தட்டு. 500 அட்டையையும் ஒரே வாரத்தில் மாட்டினால், வருகிறவர்களுக்குச் சமைக்க முடியாமல் போகலாம். அது விளம்பரம் போடாமல் இருப்பதைவிடக் கெட்டது. ஒரு வாரத்துக்கு ஒரு பிளாக், அந்த வாரத்துத் தேதியை மார்க்கரில் எழுதி மாட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திப் பார்த்தோம், ஆர்ட் கார்டின் வழவழப்பில் மை காயாமல் விரலோடு வந்துவிட்டது.

முதல் பிளாக்கில் ஞாயிறு காலை மாட்டினோம். 64 கதவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிரில் கேட்டில் தாழ்ப்பாள் கம்பியை விடக் குறுக்குப் பட்டைதான் வசதி. தாழ்ப்பாளில் மாட்டினால் அதைத் திறக்கும்போதே அட்டை கசங்குகிறது. மறுநாள் மாலை அக்கா மறுபடி ஒரு சுற்றுப் போய், எடுக்கப்படாமல் தொங்கிய ஐந்து அட்டைகளைக் கழற்றி வந்தார். ஊருக்குப் போனவர் வீட்டில் அட்டை அப்படியே தொங்கினால், ஆள் இல்லை என்று திருடனுக்கு நாமே போர்டு மாட்டியது போல ஆகும். செயலாளர் அனுமதி கொடுக்கும்போது போட்ட ஒரே நிபந்தனையும் அதுதான்.

அந்த வாரம் ஏழு பேர் 150 ரூபாய் கட்டினார்கள், நாலு பேர் மாத வாடிக்கை ஆனார்கள். கீழே இரண்டு அட்டை விழுந்து கிடந்தன, இரண்டுமே குமிழ் கைப்பிடி வீடுகள். குமிழின் கழுத்து மெலிது, வட்டம் அதற்குத் தளர்வாக இருந்து சுழன்றதில் கழன்றிருக்க வேண்டும். அடுத்த பிளாக்கில் குமிழ் வீடு மூன்றுதான். அந்த மூன்றுக்கும் ரப்பர் பேண்டு கையில் கொண்டு போகிறோம்.